நிதி விருந்தில் நிறுவனரை யார் அறிமுகம் செய்வது? ஐந்து வழிகளின் ஒப்பீடு

டிசம்பர் நெருங்கினால் சென்னையில் தொண்டு நிறுவனங்களின் நிதி விருந்துகள் வரிசை கட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் ஊரில் இருப்பார்கள், கம்பெனிக்காரர்களும் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். ஹோட்டல், மெனு, அழைப்பிதழ் எல்லாம் ஒரு மாதம் முன்பே முடிவாகிவிடும். கடைசி வாரம் வரை இழுபடுவது ஒரே ஒரு விஷயம்: "மேடத்தை யார் அறிமுகப்படுத்துவது?" சிறப்பு விருந்தினர் பேசட்டும் என்பார் ஒருவர். படம் போட்டுவிடலாம் என்பார் இன்னொருவர். அன்றைக்கு யார் கையில் மைக் இருக்கிறதோ அவரே இரண்டு பக்கக் குறிப்பை வாசிப்பதில் போய் முடியும்.

எது நல்லது என்று பலர் கேட்டிருப்பதால் ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கற்பனை நிகழ்ச்சியை வைத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டல் ஹால், பன்னிரண்டு வட்ட மேசை, நூறு பேருக்குக் கொஞ்சம் கூட. நிறுவனர் முன்னாள் நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து "இனி செய்ய ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்ட நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் சிறிய அமைப்பை நடத்துகிறார்.

## எதை வைத்து எடை போடுவது

வந்து உட்கார்ந்திருப்பவர் மனதில் வாய்விட்டுக் கேட்காத மூன்று கேள்விகள் இருக்கும். இந்த அம்மா யார்? இவரை நம்பலாமா? என் பணத்தை வைத்து என்ன செய்வார்? மூன்றாவதற்கு நிறுவனரே பதில் சொல்லிக்கொள்வார். முதல் இரண்டுக்கும் அவரே பதில் சொன்னால் தற்பெருமை ஆகிவிடும். அறிமுக உரையின் வேலை அந்த இரண்டுதான். அதற்கு மேல் அதன் தலையில் எதை ஏற்றினாலும் கெடும்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் பார்க்கலாம். நிறுவனர் தன் வாயால் சொல்ல முடியாத ஒன்றை இவரால் சொல்ல முடியுமா? அறையில் இருப்பவர்கள் இவரை "நம்மைப் போல ஒருத்தர்" என்று பார்ப்பார்களா? மூன்று நிமிடத்தில் மைக்கைக் கொடுத்துவிடுவாரா? சொதப்பினால் அடி யாருக்கு விழும்? கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

| யார் | சொல்ல முடியாததைச் சொல்வாரா | நம்மில் ஒருவரா | நேரம் | சொதப்பினால் அடி |
|---|---|---|---|---|
| காம்பியர் | மாட்டார் | இல்லை | காப்பார் | நிகழ்ச்சிக்கு, லேசாக |
| சிறப்பு விருந்தினர் | அரிது | இல்லை, மேலே இருப்பவர் | கையில் இல்லை | நிறுவனருக்கு |
| ஏற்கெனவே கொடுத்தவர் | ஆம் | ஆம் | ஒத்திகை பார்த்தால் | அவருக்கே |
| உதவி பெற்றவர் | ஆம், எல்லோரையும் விட | இல்லை | சொல்ல முடியாது | உதவி பெற்றவருக்கு |
| குறும்படம் | ஓரளவு | பொருந்தாது | துல்லியம் | பட்ஜெட்டுக்கு |

## காம்பியர்

சுத்தமாக, நேரத்துக்குள், பிசிறில்லாமல் முடித்துக்கொடுப்பார். பிரச்சினை அவர் குரலில் இருக்கிறது. ஐந்து நிமிடம் முன்பு "வாசலில் வழி மறித்து நிற்கும் வெள்ளை நிற காரின் உரிமையாளர் உடனே எடுக்கவும்" என்று சொன்ன அதே குரல்தான் இப்போது "இவர் பல உயிர்களின் வலியைத் துடைத்தவர்" என்கிறது. அறைக்கு இரண்டும் அறிவிப்புதான். படித்த படிப்பு, பணியாற்றிய ஆஸ்பத்திரி, வாங்கிய விருது என்று வரிசையாகப் போகும் குறிப்பில் மூன்றாவது விருதுக்குள் ஃபோன்கள் வெளியே வந்துவிடும்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நிறுவனரை ஏற்கெனவே தெரியும் என்றால் காம்பியரே போதும். அப்போதும் நாற்பது வினாடிக்கு மேல் வேண்டாம். படிப்பையும் விருதையும் மேசை மேல் வைக்கும் அட்டையில் அச்சிட்டுவிடலாம். வேண்டியவர் படித்துக்கொள்வார்.

## சிறப்பு விருந்தினர்

ஓய்வு பெற்ற அதிகாரியோ திரைக்கலைஞரோ பெரிய டாக்டரோ, அவர் பெயர் அழைப்பிதழில் இருப்பதால்தான் பாதிப் பேர் வருகிறார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டத்தை வரவைப்பது ஒரு வேலை, நிறுவனரை அறிமுகம் செய்வது இன்னொரு வேலை.

இவருக்கு நிறுவனரைப் பெரும்பாலும் நேரில் தெரிந்திருக்காது. காரில் வரும்போது கையில் கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். மேடையில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் "அவர்களே, அவர்களே" என்று விளித்து முடிக்கவே இரண்டு நிமிடம். அப்புறம் தன் இளமைக் காலத்துக்குப் போய்விடுவார். அவரை நிறுத்த மேடையில் யாருக்கும் துணிவு இருக்காது. மறைந்திருக்கும் செலவு வேறு: பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் பிடித்தல் என்று கால் மணி நேரம் கரையும். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்தால் அறையில் பாதி அவர் பின்னால் செல்ஃபிக்கு எழும். அந்த நேரத்தில்தான் உங்கள் நிறுவனர் மைக் முன்னால் வந்து நிற்பார்.

அவரைக் குத்துவிளக்கு ஏற்ற வையுங்கள், தொடக்கத்திலேயே இரண்டு வார்த்தை பேச வையுங்கள், மரியாதையை அங்கேயே செய்து முடித்துவிடுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. நம் எடுத்துக்காட்டில் அவர் ஒரு புற்றுநோய் மருத்துவராக இருந்து, தன் நோயாளிகளை இந்த அமைப்பிடம் அனுப்பியவராக இருந்தால், அறிமுகம் செய்ய அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அப்போது பட்டத்துக்காகப் பேசாமல் பார்த்த சாட்சியாகப் பேசுவார்.

## ஏற்கெனவே பணம் கொடுத்தவர்

நூறு பேர் அறையில் நான் முதலில் தேடுவது இவரைத்தான். பெரிய பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. மற்ற விருந்தினர்கள் உட்கார்ந்திருக்கும் அதே மாதிரி நாற்காலியிலிருந்து எழுந்து வருபவராக இருக்க வேண்டும். அவர் சொல்வதன் அடிநாதம் "எனக்கும் சந்தேகம் இருந்தது, பார்த்தேன், கொடுத்தேன்" என்பது. இதை நிறுவனர் சொல்ல முடியாது, காம்பியரும் சொல்ல முடியாது.

முன்னால் ஒருவர் கொடுத்துவிட்டார் என்பது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் வெளியிட்டது. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் கணினி வாங்க நன்கொடை கேட்டுக் கடிதங்கள் போயின. தேவையான தொகையில் 10 சதவீதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று சிலருக்கும், 67 சதவீதம் இருக்கிறது என்று சிலருக்கும் எழுதினார்கள். இரண்டாவது கடிதத்துக்கு வந்த பணம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அது கடிதம், இது விருந்து. ஆனாலும் முதல் ஆளாக மாட்டிக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை என்பது இரண்டுக்கும் பொது.

இதிலும் மறைந்த செலவுகள் உண்டு. கொடுத்தவர் தன்னைப் பற்றியே பேசத் தொடங்கலாம். ஒத்திகையில் எத்தனை வாக்கியம் "நான்" என்று வருகிறது, எத்தனை வாக்கியத்தில் நிறுவனர் வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது அதிகமென்றால் அது சுயசரிதை. அடுத்தது, தொகையைச் சொல்லும் ஆசை. "நான் பத்து லட்சம் கொடுத்தேன்" என்றால் பத்தாயிரம் கொடுக்க வந்தவர் அமைதியாகக் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வார். பணத்தைச் சொல்வதைவிட அது எதற்குப் போனது என்று சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது, அவர் யார் என்று அறைக்குத் தெரியும். ஒரே தொழிலில் அவருக்குப் போட்டியாளர்கள் நான்கு பேர் அங்கே உட்கார்ந்திருந்தால், அல்லது அமைப்புக்குப் பொருள் சப்ளை செய்பவராக அவர் இருந்தால், சாட்சி பலவீனப்படும். அறங்காவலர்களுக்கும் இதே குறை. அவர்கள் புகழ்வது சொந்த வீட்டைப் புகழ்வது மாதிரிதான் காதில் விழும்.

## உதவி பெற்றவர்

கண்ணீர் வரவழைப்பது நோக்கம் என்றால் இதற்கு ஈடு கிடையாது. அதனாலேயே நான் மிகவும் தயங்குவதும் இதில்தான்.

நேற்று வரை ஒருவர் உங்கள் சேவையை நம்பி இருந்தார். இன்று "வந்து நாலு வார்த்தை பேசுங்கம்மா" என்றால் அவரால் முடியாது என்று சொல்ல முடியுமா? சம்மதம் என்று அவர் தலையாட்டுவதில் கடன்பட்ட உணர்வு எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. மேடையில் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுபோனால் அறை உருகும், வீடியோ எடுக்கும். மறுநாள் அந்தத் துண்டு அவருடைய தெருவில் எல்லார் ஃபோனிலும் சுற்றும். அடி யாருக்கு என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் கசக்கிறது.

குழந்தைகளுடன் வேலை செய்யும் அமைப்புகள் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் தடை செய்கிறது. பெயரை மாற்றிவிட்டு முகத்தைக் காட்டினால் அது மறைத்ததாகாது.

பெரியவர்கள் விஷயத்தில் பொருந்தும் சந்தர்ப்பம் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில், தாயை இந்த அமைப்பின் பராமரிப்பில் இழந்து, ஓரிரண்டு ஆண்டு கழிந்து, இப்போது தானே தன்னார்வலராக வரும் மகள். அவருக்கு அமைப்பிடமிருந்து இனி எதுவும் தேவையில்லை, அதனால் மறுக்கும் உரிமை உண்மையாகவே அவர் கையில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் பேசினால்கூட, அன்று மாலை ஏழு மணிக்கு மனம் மாறினால் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்று ஆள் தயாராக இருக்கட்டும்.

## குறும்படம்

நோயாளியின் வீட்டுக்குள் நூறு பேரைக் கூட்டிப்போக முடியாது, கேமரா போகும். நிறுவனர் கூச்ச சுபாவி, மேடையில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது என்றாலும் படம் கைகொடுக்கும். நேரமும் துல்லியம்.

ஆனால் ஹாலின் விளக்கை அணைத்ததும் பலர் ஃபோனை எடுப்பார்கள். ப்ரொஜெக்டருக்கும் ஹோட்டல் ஒலிபெருக்கிக்கும் ஒத்துப்போகாமல் முதல் முப்பது வினாடி ஊமைப்படமாக ஓடுவது சகஜம். அதைவிட, படம் மிக நன்றாக இருந்துவிட்டால் "இதுக்கே எவ்வளவு செலவு பண்ணிருப்பாங்க" என்று ஒரு மேசையில் கேள்வி எழும். படத்தில் முகம் வருபவர்களிடம் எழுத்துச் சம்மதம் வேண்டும். இறந்துபோனவர் என்றால் குடும்பத்திடம் மறுபடி கேட்க வேண்டும். போட்டாக வேண்டும் என்றால் இரண்டு நிமிடம் போதும், அது முடிந்ததும் ஒரு மனிதர் எழுந்து பேச வேண்டும். படத்திலிருந்து நேராக நிறுவனருக்குத் தாவினால் அவர் பின்பாட்டுக்காரர் மாதிரி ஆகிவிடுவார்.

## செய்து பார்த்தால்

நம் நிகழ்ச்சிக்கு நான் கொடுத்தவரைத்தான் தேர்வேன். திருவல்லிக்கேணியில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் உரை இப்படி இருக்கலாம்:

> வணக்கம். நான் திருவல்லிக்கேணியில் அச்சகம் வைத்திருக்கிறேன். மூன்று வருஷம் முன்னால் இவர் ரசீது புத்தகம் அடிக்க என் கடைக்கு வந்தார். ஒரே ஒரு புத்தகம் போதும் என்றார். "ஒண்ணுக்கெல்லாம் மெஷின் ஓட்ட முடியாது மேடம்" என்றேன். "சரி, நாங்க என்ன செய்றோம்னு ஒரு நாள் வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார்.
>
> போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. புற்றுநோய் முற்றிய ஒரு பெரியவர். புண்ணின் வாடை தாங்காமல் வீட்டில் யாரும் அந்த அறையில் நிற்பதில்லை. இவர் தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழுவினார். மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போட்டார். மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.
>
> இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்து ஒரு நோட்டை எடுத்தார். பஞ்சு, கையுறை, ஆட்டோ எழுபது ரூபாய் என்று எழுதினார். "ஆட்டோ காசைக்கூடவா?" என்றேன். "யாரோ கொடுத்த காசு சார்" என்றார்.
>
> இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். பேரன் தாத்தா கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.
>
> அன்றிலிருந்து மாதம் ஒரு வீட்டின் செலவு என்னுடையது. கணக்கு அந்த நோட்டிலிருந்து எனக்கு வரும். இன்னும் எத்தனை வீடுகள் காத்திருக்கின்றன, ஏன் காத்திருக்கின்றன என்று அவரே சொல்வார். (நிறுவனரின் பெயர்.)

நிதானமாகப் பேசினாலும் இரண்டு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். விருது இல்லை, பட்டம் இல்லை. இவர் யார் என்ற கேள்விக்குத் தரையில் உட்கார்ந்த அந்த முக்கால் மணி நேரம் பதில். நம்பலாமா என்பதற்கு எழுபது ரூபாய் பதில். "மிகவும் நேர்மையானவர்" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரியவரின் பெயரோ தெருவோ வரவில்லை. நிறுவனரின் பெயர் கடைசிச் சொல்லாக வருவதால் கைதட்டல் அவருக்குப் போகும், பேசியவருக்குப் போகாது.

இதற்குள் "ஆண்டுக்கு இத்தனை நோயாளிகள், இத்தனை வீட்டு விஜயம்" என்று சேர்க்கச் சொல்லி அறங்காவலர்கள் வற்புறுத்துவார்கள். 2007-ல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறுமியின் கதையை மட்டும் படித்தவர்கள், வெறும் புள்ளிவிவரம் படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்தபோது கொடுத்த தொகை இறங்கியது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் இதை வேதமாக எடுக்க வேண்டாம். எண்கள் தேவைதான், அவற்றுக்கு இடம் நிறுவனரின் பேச்சு.

பணம் கேட்பதும் இந்த உரையில் இல்லை. அறிமுகம், நிறுவனர் ஏழெட்டு நிமிடம், பிறகு வேறொருவர் எழுந்து "ஒரு வீட்டுக்கு ஒரு மாதம் இவ்வளவு" என்று தொகையைச் சொல்லிக் கேட்பது, இதுதான் வரிசை. மூன்றும் பஃபே திறப்பதற்கு முன்னால் முடிந்தாக வேண்டும். தோசைக்கல்லின் சத்தம் கேட்டபின் சென்னையில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். வந்த உடனே சூப்பும் கொறிக்க ஏதாவதும் மேசைக்கே வந்துவிட்டால் எட்டரை வரை பொறுத்திருப்பார்கள்.

வரிவிலக்கு விவரமும் அறிமுகத்தில் வரக் கூடாது, விருந்தினர்கள் தரப்போகும் தொகையை எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி அட்டையின் பின்பக்கம் போதும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது என்று அங்கே தெளிவாக எழுதிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினரின் பணத்தை, அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. இதை வரவேற்பு மேசையில் இருப்பவருக்குச் சொல்லி வையுங்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. அச்சகக்காரர் வீட்டில் எந்த மொழியில் பேசுவாரோ அதில் பேசட்டும். சௌகார்பேட்டையிலிருந்தும் கீழ்ப்பாக்கத்திலிருந்தும் தமிழ் அவ்வளவாகப் பழகாத விருந்தினர்கள் நிறைய வருகிறார்கள் என்றால், அவரைத் தடுமாறி ஆங்கிலம் பேச வைப்பதைவிட ஆங்கிலம் சரளமாக வரும் வேறொரு நன்கொடையாளரைத் தேடுவது மேல்.

உரை சரியாகப் போகிறதா என்று ஹாலின் பின்பக்கம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். பாதிப் பேச்சில் தலைகள் பேசுபவரை விட்டு நிறுவனர் உட்கார்ந்திருக்கும் மேசைப் பக்கம் திரும்பத் தொடங்கினால் வேலை நடக்கிறது. ஸ்பூன் சத்தம் கூடினால், கதைக்கு வராமல் இன்னும் முன்னுரையிலேயே நிற்கிறார் என்று அர்த்தம்.

கொடுத்தவர் யாரும் இல்லாத, முதல் ஆண்டு நடத்தும் அமைப்பு என்ன செய்வது? இரண்டு வாரம் முன்பே அழைப்புப் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்து ஒருநாள் களத்துக்குக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்து அவர் காப்பி குடிக்கும்போது தன் வீட்டாரிடம் எதை முதலில் சொன்னார் என்று கேளுங்கள். அதுவே உரையின் நடுப்பகுதி. எழுதியதை மூன்று நாள் முன்னதாக நிறுவனரிடம் காட்டிவிடுங்கள், தப்பான விவரத்தை அவர்தான் பிடிப்பார். கூச்சத்தில் பாதியை அடிக்கவும் பார்ப்பார். விவரப் பிழை என்றால் திருத்துங்கள். "எதுக்குங்க இதெல்லாம்" என்று மட்டும் சொன்னால் அந்த வரியை அப்படியே விட்டுவிடுங்கள்.